பலிச் சான்றிதழும் விதவைகள் பட்டியலும்

எகிப்தின் பாயும் பகுதியில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் தாள் அவுரேலியஸ் டியோகெனஸ் என்ற கிழவரின் மனு. அவருக்கு வயது 72. ஊர் ‘அலெக்சாண்டர் தீவு’ என்ற கிராமம். அடையாளம், வலது புருவத்தில் ஒரு தழும்பு. தாம் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர் என்றும், இப்போதும் அரசாணைப்படி அதிகாரிகள் கண்முன்னே பலியிட்டு, மதுவை வார்த்து, படையலைச் சுவைத்திருப்பதாகவும், அதற்குச் சான்று வேண்டும் என்றும் கேட்கிறார். கீழே ஓர் அதிகாரி ‘பார்த்தேன்’ என்று கையொப்பமிட்டிருக்கிறார். நாள் கி.பி. 250 ஜூன் 26.

இதுபோல நாற்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை தியடெல்பியா என்ற ஒரே கிராமத்தைச் சேர்ந்தவை. அங்கே செரீனஸ், ஹெர்மாஸ் என்ற இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். எல்லாமே ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரையிலான ஒரு மாதத்துக்குள் எழுதப்பட்டவை. சொற்கள்கூட மாறுவதில்லை. பெயர், வயது, ஊர் ஆகியவற்றை மட்டும் மாற்றி எழுதிய படிவம் அது. சான்றிதழ் வாங்கியவர்களில் முதலைத் தெய்வமான பெட்டெசூகோஸின் பூசாரிப் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். அவளைக் கிறிஸ்தவள் என்று எவரும் சந்தேகித்திருக்க முடியாது. அப்படியானால் இந்த ஆணை பேரரசின் குடிமக்கள் எல்லோருக்குமானது.

ஆணையிட்டவர் 249இல் அரியணை ஏறிய டேசியஸ். ஆணையின் வாசகம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அது பிறப்பதற்கான வழி 212இலேயே திறந்துவிட்டது. அந்த ஆண்டில் கரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் ரோமக் குடியுரிமை வழங்கினார். பாயும் கிராமத்துக் கிழவருக்கு ‘அவுரேலியஸ்’ என்ற ரோமப் பெயர் வந்தது அதனால்தான். எல்லோரும் குடிமக்கள் என்றானபின், எல்லோரும் பேரரசின் நலனுக்காகத் தெய்வங்களை வணங்க வேண்டும் என்று கேட்பது ஒரு பேரரசருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும். எல்லைகளில் கோத்துகள் நெருக்குகிறார்கள், பேரரசர்கள் அடுத்தடுத்துக் கொல்லப்படுகிறார்கள், தெய்வங்கள் கோபம் கொண்டிருக்கின்றன என்ற அச்சம் பரவிய காலம். கிறிஸ்தவர்களை ஒழிப்பதற்கென்றே போட்ட ஆணை இது என்று பழைய திருச்சபை வரலாறுகள் சொல்லும். பூசாரிப் பெண்ணின் சான்றிதழைப் பார்த்தபின் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. எல்லோருக்குமாக விரித்த வலை; அதில் சிக்கியவர்கள் கிறிஸ்தவர்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வேதகலாபனை என்று வழங்கும் இந்த ஒடுக்குமுறை முந்நூறு ஆண்டுகள் இடைவிடாமல் நடந்ததாக ஒரு பொது நினைப்பு இருக்கிறது. 64இல் ரோம் எரிந்தபோது நீரோ அந்நகரக் கிறிஸ்தவர்கள்மேல் பழிபோட்டுக் கொன்றது உண்மை. 177இல் லியோனிலும் 203இல் கார்த்தேஜிலும் நடந்த கொலைகளும் உண்மை. ஆனால் அவையெல்லாம் ஓர் ஊரில், ஒரு கூட்டத்தின் கோபத்தில், ஓர் ஆளுநரின் முடிவில் நிகழ்ந்தவை. பேரரசு முழுவதற்குமான ஒடுக்குமுறை மூன்றே முறைதான் வந்தது. டேசியஸ் காலத்தில் ஓராண்டுக்குச் சற்று மேல், வலேரியன் காலத்தில் 257 முதல் 260 வரை, டயோக்ளீஷியன் தொடங்கியது 303 முதல் கிழக்கில் 313 வரை. மூன்றையும் கூட்டினாலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் போகாது.

அதற்கு முன்பிருந்த நிலையை 112ஆம் ஆண்டு வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. கிறிஸ்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அவர் மூன்று முறை விசாரித்தார். பிடிவாதமாக நின்றவர்களைக் கொல்ல அனுப்பினார். மறுத்தவர்களைத் தெய்வங்களின் பெயரைச் சொல்ல வைத்து, பேரரசரின் உருவத்துக்குத் தூபமும் மதுவும் படைக்கச் செய்து, கிறிஸ்துவைப் பழிக்கவும் வைத்து விடுவித்தார். இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று அறிய, சபையில் பணிவிடைப் பொறுப்பு வகித்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். மிதமிஞ்சிய மூடநம்பிக்கை ஒன்றைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை என்று எழுதினார். டிராஜனின் பதில் சுருக்கமானது. அவர்களைத் தேடிப் போகாதே. யாராவது பெயரோடு வந்து குற்றஞ்சாட்டி நிரூபித்தால் தண்டி. மறுத்து, தெய்வங்களை வணங்கிக் காட்டினால் மன்னித்துவிடு. மொட்டைக் கடிதங்களை ஏற்காதே. திருடனிடம் இனித் திருடமாட்டேன் என்று சொல்லச் சொல்லி எந்த நீதிபதியும் விடுவிப்பதில்லை. இந்த விசித்திரமான சட்டநிலையில்தான் கிறிஸ்தவம் நூற்றைம்பது ஆண்டுகள் வளர்ந்தது. குற்றம்தான், ஆனால் தேடப்படாத குற்றம்.

எவ்வளவு வளர்ந்தது? சமூகவியலாளர் ரோட்னி ஸ்டார்க் 1996இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கி.பி. 40இல் ஆயிரம் பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு 40 விழுக்காடு வளர்ந்தால் 200இல் சுமார் 2 லட்சத்து 18 ஆயிரம் ஆகும், 250இல் ஏறத்தாழ 12 லட்சம், 300இல் 63 லட்சம். ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடுகூட இல்லாத வளர்ச்சிதான் இது. அற்புதமோ கூட்டம் கூட்டமான மதமாற்றமோ தேவையில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாமனையோ பக்கத்து வீட்டுக்காரியையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டி வந்தால் போதும். ஆனால் இது கணக்கு மட்டுமே, ஆவணம் அல்ல. தொடக்க எண்ணும் ஊகம், முடிவு எண்ணும் ஊகம், இரண்டையும் இணைக்கும் கோடுதான் 40 விழுக்காடு. அதில் பயனுள்ள செய்தி வேறொன்று. டேசியஸ் ஆணையிட்டபோது கிறிஸ்தவர்கள் பேரரசின் ஆறு கோடிப் பேரில் இரண்டு விழுக்காட்டைச் சுற்றித்தான் இருந்திருப்பார்கள். அடுத்த ஐம்பதாண்டில்தான் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகியது. பேரரசு முதன்முதலாக முழுமூச்சோடு அடித்ததற்குப் பின்புதான் அது நடந்தது.

இரத்த சாட்சிகளின் வீரத்தைக் கண்டு மக்கள் திரண்டார்கள் என்பது வழக்கமான விளக்கம். கார்த்தேஜில் 250இல் நடந்ததைப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்பதில்லை.

கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான். சொற்பொழிவுக் கலை கற்பித்த செல்வந்தர். கிறிஸ்தவராகிச் சில ஆண்டுகளிலேயே ஆயராகிவிட்டார். சபையின் பழைய மூப்பர்கள் சிலருக்கு அது பிடிக்கவே இல்லை. ஆணை வந்ததும் சிப்ரியான் ஊரைவிட்டு மறைந்துகொண்டார். ரோமின் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரி 20இல் உயிர்விட்டிருந்தார். எனவே சிப்ரியான் ஓடிவிட்டார் என்ற ஏச்சு ரோமிலிருந்தும் வந்தது. மறைவிடத்திலிருந்து அவர் கடிதம்மேல் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களும், திரும்பி வந்தபின் மறுதலித்தவர்களைப் பற்றி அவர் எழுதிய நூலும் இன்றும் இருக்கின்றன. ஒடுக்குமுறையை உள்ளிருந்து காட்டும் இதைவிட நேர்மையான சாட்சியம் குறைவு.

அவர் காட்டும் காட்சி வீரக்கதையாக இல்லை. யாரும் பிடித்திழுக்கும் முன்பே கிறிஸ்தவர்கள் கூட்டமாகக் கோயில் குன்றுக்கு ஏறினார்கள். சிலர் பலிக்கான மிருகத்தைத் தாங்களே கொண்டுபோனார்கள். பெற்றோர் கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்றார்கள். மாலையாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்களும் இருந்தார்கள். சபையில் பெரும்பான்மை விழுந்துவிட்டது என்பதைச் சிப்ரியானே மறைக்கவில்லை.

விழுந்தவர்களிலும் வகைகள் இருந்தன. சிலர் உண்மையிலேயே பலியிட்டு அந்த இறைச்சியை உண்டார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். இன்னும் சிலர் அதிகாரிக்குக் கையூட்டுக் கொடுத்து, பலியிடாமலே சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கடைசி வகையினர், நாங்கள் தெய்வத்தை வணங்கவில்லை, காசு கொடுத்து ஒரு காகிதம் வாங்கினோம், அவ்வளவுதானே என்று வாதிட்டார்கள். கேட்கும்போது நியாயம்போலத்தான் தோன்றும்.

அலை அடங்கியதும் இவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். என்னை மதிப்பீடு செய்யச் சொன்னால், திருச்சபையின் எதிர்காலம் தீர்மானமானது இங்கேதான் என்பேன். திருமுழுக்குப் பெற்றபின் தெய்வச் சிலைக்குப் பலியிடுவது கொலை, விபசாரம் போன்ற பெரும்பாவம். அதற்கு மன்னிப்புக் கிடையாது என்பது பலர் கொண்டிருந்த பழைய கண்டிப்பு. அதைப் பிடித்துக்கொண்டால் சபையில் மிஞ்சுவது ஒரு கைப்பிடி. விட்டுவிட்டால் அடுத்த முறை எவன் உறுதியாக நிற்பான்?

சிறையில் உறுதியாக நின்றவர்களிடம் இதற்குக் குறுக்குவழி ஒன்று இருந்தது. சாகத் துணிந்த அவர்களுக்குக் கடவுளிடம் தனிச் செல்வாக்கு உண்டு என்று மக்கள் நம்பினார்கள். அதனால் அவர்கள் ‘இன்னாருக்குச் சமாதானம்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டுகள் பெருகின. ‘இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்’ என்று எழுதிய சீட்டுகளும் வந்தன. சேர்ந்தவர்கள் என்றால் எத்தனை பேர்? இருபதா, முப்பதா? சிப்ரியான் எரிச்சலோடு கேட்கிறார். லூசியன் என்ற சிறையாளி ஒருபடி மேலே போய், சிறைப்பட்ட எல்லோர் பெயராலும் மறுதலித்த எல்லோருக்குமே சமாதானம் வழங்கிவிட்டதாக ஆயருக்கே எழுதிவிட்டார். பேரரசு ஒரு வகைச் சான்றிதழ் கொடுத்தது, சிறை இன்னொரு வகைச் சான்றிதழ் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஆயரின் அதிகாரம் என்ன என்பது கேள்வியாயிற்று.

251இல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடினார்கள். முடிவு வழக்குமன்றத் தீர்ப்புப்போல இருந்தது. ஒவ்வொருவர் செயலையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் மனம் வருந்தித் தவம் செய்திருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நெடுந்தவம் செய்ய வேண்டும். சாகும் தறுவாயில் நற்கருணை உண்டு. சேர்ப்பதும் தள்ளுவதும் ஆயரின் பொறுப்பு. சிறைச் சீட்டு வெறும் பரிந்துரை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் ஒடுக்குமுறை வரும்போல் தெரிந்தபோது, தவத்தில் இருந்த பலியிட்டவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். போருக்கு முன் படைக்கு ஆள் வேண்டும் என்பது சிப்ரியானின் வாதம். ரோமில் இதை ஏற்காத நோவேஷியன், தூயோர் மட்டுமே சபை என்று தனியே பிரிந்தார். அவருடைய சபை பல நூற்றாண்டு உயிரோடு இருந்தது, ஆனால் சிறியதாகவே. விழுந்தவர்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தெரிந்த சபை பெரியதாயிற்று. பேரரசின் ஆணையால் அசைந்த இலட்சக்கணக்கானோர் சில ஆண்டுகளில் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். அதற்கான வழிமுறையும் எழுத்தில் உருவாகிவிட்டது.

திரும்பி வர அவர்கள் ஏன் இவ்வளவு துடித்தார்கள் என்பதற்குச் சமயக் காரணம் முதன்மையானது, சந்தேகமில்லை. மறுமையை நம்பியவர்கள் அவர்கள். இம்மைக் காரணமும் இருந்தது. அது ரோமின் ஆயர் கொர்னேலியஸ் 251 வாக்கில் எழுதிய கடிதம் ஒன்றில் எண்ணாக நிற்கிறது. நோவேஷியனைச் சாடும் ஆத்திரத்தில் தம் சபையின் பெருமையைக் காட்ட அவர் கணக்குச் சொல்கிறார்: மூப்பர்கள் 46 பேர், திருத்தொண்டர்கள் 7, துணைத் தொண்டர்கள் 7, உதவியாளர்கள் 42, பேயோட்டுவோரும் வாசகரும் வாயிற்காப்போரும் சேர்ந்து 52. இவர்களுக்குப் பிறகு, சபை உணவளித்துக் காக்கும் விதவைகளும் வறியவர்களும் 1,500க்கு மேல்.

ஒரு தனியார் அமைப்பு, அதுவும் சட்டப்படி குற்றமான அமைப்பு, ஒரே நகரில் ஆயிரத்தைந்நூறு பேருக்குச் சோறு போடுகிறது. ரோமில் அரசே தானியம் வழங்கி வந்தது உண்மைதான். ஆனால் அது பதிவேட்டில் பெயருள்ள ஆண் குடிமக்களுக்கான உரிமை, ஏழைகளுக்கானது அல்ல. பெருந்தனக்காரர்கள் ஊருக்குக் குளியலறை கட்டினார்கள், விளையாட்டு நடத்தினார்கள், பெயரைக் கல்லில் பொறித்தார்கள். கணவனை இழந்து கேட்பாரற்றுப் போன கிழவிக்கு மாதந்தோறும் ஒரு படி கொடுப்பதில் யாருக்கும் புகழ் இல்லை. அந்த இடைவெளியில் சபையின் உண்டியல் வந்து நின்றது. 197 வாக்கில் கார்த்தேஜின் தெர்த்துல்லியன் அந்த உண்டியலின் வேலையை விவரிக்கிறார். விரும்பியவர் மாதம் ஒருமுறை இயன்றதைப் போடுவார். அது ஏழைகளின் உணவுக்கும் அடக்கத்துக்கும், அநாதைப் பிள்ளைகளுக்கும், முதிய வேலைக்காரர்களுக்கும், கப்பல் உடைந்தவர்களுக்கும், விசுவாசத்துக்காகச் சுரங்கத்திலோ தீவிலோ சிறையிலோ கிடப்பவர்களுக்கும் போகும். ரோமர்கள் அடக்கத்துக்குச் சங்கம் சேர்த்துச் சந்தா கட்டியவர்கள்தான். சந்தா கட்ட முடியாதவருக்கும் அடக்கம் உண்டு என்பது புதிது.

249 தொடங்கிப் பல ஆண்டுகள் கொள்ளைநோய் பரவியபோது இந்த ஏற்பாடு சோதனைக்கு உள்ளாயிற்று. நோயாளிகளைத் தெருவில் விட்டு ஓடியவர்கள் மத்தியில், சிப்ரியான் சபையாரை வேலைப் பிரிவுகளாகப் பிரித்து, சபைக்கு வெளியே உள்ளவர்களையும் கவனிக்கச் செய்தார் என்று அவருடைய திருத்தொண்டர் பொன்தியஸ் எழுதுகிறார். தண்ணீரும் கஞ்சியும் கொடுத்துப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாலே பிழைப்போர் கூடுவார்கள் என்று ஸ்டார்க் வாதிடுகிறார். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அளக்க வழியில்லை. ஆனால் பிழைத்து எழுந்தவர் யாருடைய கையில் தண்ணீர் குடித்தோம் என்பதை மறந்திருக்க மாட்டார். நுமிடியாவில் கொள்ளைக் கூட்டத்தார் கிறிஸ்தவர்களைப் பிடித்துப்போனபோது, கார்த்தேஜ் சபை ஒரு லட்சம் செஸ்டர்ஸ் திரட்டி மீட்புப் பணமாக அனுப்பியது. விழுந்து எழுந்து ஓரிரு ஆண்டே ஆன சபை அது.

258இல் வலேரியன் வேறு வழியில் தாக்கினார். எல்லோரையும் பலியிடச் சொல்வது பயன் தரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஆயர், மூப்பர், திருத்தொண்டர் ஆகியோருக்கு மரணம்; கிறிஸ்தவப் பிரபுக்களுக்குப் பதவி, சொத்துப் பறிமுதல். தலையை வெட்டினால் உடல் சாயும் என்பது கணக்கு. கார்த்தேஜில் செப்டம்பர் 14 அன்று சிப்ரியான் கொல்லப்பட்டார். இந்த முறை அவர் ஓடவில்லை. வெட்டுபவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டார். 260இல் வலேரியனே பாரசீக மன்னன் ஷாப்பூரிடம் சிறைப்பட்டார். மகன் கலியேனஸ் ஒடுக்குமுறையை நிறுத்திச் சபைகளின் இடங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பின் நாற்பதாண்டு அமைதி. இந்த அமைதியை வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. வளர்ச்சியின் பெரும்பகுதி நடந்தது இதில்தான். சபைக்குச் சொந்த நிலம், கல்லறை, கட்டடம் எல்லாம் வந்தன. 272இல் அந்தியோக்கியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. பதவி நீக்கப்பட்ட ஆயர் சமோசாத்தா பவுல், சபையின் வீட்டைக் காலி செய்ய மறுத்தார். எதிர்த்தரப்பார் பேரரசர் அவுரேலியனிடம் முறையிட்டார்கள். சூரியதேவனின் பக்தரான அவர், இத்தாலியிலும் ரோமிலும் உள்ள ஆயர்கள் யாரோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கிறார்களோ அவருக்கே வீடு என்று தீர்ப்பளித்தார். கிறிஸ்தவர் எவரும் ஆட்சியில் இல்லாதபோதே, ஊர்விட்டு ஊர் நீளும் ஓர் ஆயர் வலைப்பின்னலை அரசு மெய்யான நிர்வாகமாக அறிந்திருந்தது.

இறுதித் தாக்குதல் 303 பிப்ரவரி 23இல் நிக்கோமேதியாவில் தொடங்கியது. டயோக்ளீஷியனின் அரண்மனையிலிருந்து பார்த்தாலே தெரியும் மேட்டில் சபைக்கோயில் நின்றது. வீரர்கள் சில மணி நேரத்தில் இடித்துத் தள்ளினார்கள். மறுநாள் ஆணை ஒட்டப்பட்டது. கோயில்களை இடிக்க வேண்டும், வேதநூல்களை எரிக்க வேண்டும், கிறிஸ்தவர்களின் பதவியும் சட்ட உரிமையும் பறிபோகும். முதன்முறையாக அரசு ஆளை விட்டுப் புத்தகத்தைத் தேடியது.

நுமிடியாவின் சிர்டா நகரில் அந்தத் தேடல் எப்படி நடந்தது என்பதற்கு மணிக்கணக்கான நடப்புக் குறிப்பே இருக்கிறது. பின்னாளில் ஒரு வழக்கில் சான்றாக வாசிக்கப்பட்டதால் அது தப்பியது. 303 மே 19 அன்று நகர நிர்வாகி முனேஷியஸ் ஃபெலிக்ஸ் கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குப் போய், ஆயர் பவுலிடம் வேதநூல்களைக் கேட்கிறார். நூல்கள் வாசகர்களிடம் இருக்கின்றன, இங்கே உள்ளதைத் தருகிறோம் என்கிறார் ஆயர். எழுத்தர் பட்டியல் எழுதுகிறார்: தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளிக் குடுவை 6, வெள்ளி விளக்கு 7, சங்கிலியோடு வெண்கல விளக்கு 11. பிறகு பெண்கள் அங்கி 82, முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 சோடி, பெண்கள் செருப்பு 47 சோடி. சாப்பாட்டு அறையில் சாடிகளும் பெரும் தாழிகளும் அகப்பட்டன. கோயில் என்று தேடி வந்தவர்களுக்குக் கிடைத்தது ஏழைகளுக்கான துணிக்கிடங்கு. பெண்களுக்கான உடை ஆண்களுக்கானதைவிட ஐந்து மடங்கு இருப்பது, அந்தச் சபை யாரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்கிறது. ரோமில் கொர்னேலியஸ் எண்ணிச் சொன்ன விதவைகளின் சிறு பதிப்பு இது.

நூலகத்தில் அலமாரிகள் காலி. ஒரே ஒரு பெரிய சுவடியைத் துணைத் தொண்டர் ஒருவர் கொண்டுவந்தார். வாசகர்களைக் காட்டச் சொன்னபோது, நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, வேண்டுமானால் எங்களைக் கொல்லுங்கள் என்று கத்துலினஸ், மார்குக்ளியஸ் என்ற இரண்டு துணைத் தொண்டர்கள் மறுத்துச் சிறைப்பட்டார்கள். மற்றவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அதிகாரிகள் வீடுவீடாகப் போனார்கள். யூஜேனியஸ் வீட்டில் நான்கு சுவடி, விக்தோரினஸ் வீட்டில் எட்டு, இலக்கண ஆசிரியர் விக்டர் வீட்டில் இரண்டு சுவடியும் கட்டப்படாத நான்கு கட்டுகளும், கொத்தியோவின் மனைவி தானே எடுத்துவந்த ஆறு. இதற்கிடையில் சில்வானஸ் என்ற துணைத் தொண்டர், தாழிக்குப் பின்னால் கிடந்ததாகச் சொல்லி ஒரு வெள்ளிப் பேழையையும் வெள்ளி விளக்கையும் எடுத்துக் கொடுத்தார். நகரத்து ஆள் ஒருவன் அவரிடம், இது மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் செத்திருப்பாய் என்றான்.

அந்தச் சில்வானஸ் சில ஆண்டுகளில் சிர்டாவின் ஆயரானார். சிப்ரியான் காலத்துக் கேள்வி மறுபடியும் எழுந்தது: வேதநூலை ஒப்படைத்தவர் ஆயராக இருக்கலாமா? அவர் கையால் பெற்ற திருப்பொழிவு செல்லுமா? செல்லாது என்றவர்கள் வட ஆப்பிரிக்காவில் தனி ஆயர்களை நியமித்தார்கள். பின்னர் தலைவரின் பெயரால் தொனாத்தியர் எனப்பட்டார்கள். இதில் ஒரு முரண்: அந்தத் தூயோர் அணியின் தலைவர்களில் ஒருவர் நம் சில்வானஸ். 320இல் அவர்மேல் நடந்த விசாரணையில்தான் சிர்டாவின் பழைய குறிப்பு வெளியே வந்தது.

ஒடுக்குமுறை முடிந்த விதம் சமச்சீரானது அல்ல. மேற்கில் 306க்குள் அடங்கிவிட்டது, கிழக்கில் நீண்டது. ஆணையின் பின்னணியில் இருந்த கலேரியஸே சாவுப்படுக்கையில், 311 ஏப்ரல் 30இல், கிறிஸ்தவர்கள் கூடலாம், அரசுக்காகத் தங்கள் கடவுளை வேண்டலாம் என்று அறிவித்தார். வேறுவிதமாகச் சொன்னால் தோல்வியை ஒப்புக்கொண்டார். கான்ஸ்டன்டைன் 312 அக்டோபரில் மில்வியன் பாலத்தில் வென்றது இதற்குப் பிறகுதான். அவரும் லிசினியஸும் 313இல் மிலானில் செய்துகொண்ட உடன்பாடு கிறிஸ்தவத்தை அரச சமயமாக்கவில்லை. எல்லோருக்கும் வழிபாட்டு உரிமை, பறித்த சொத்துக்குத் திருப்பம், அவ்வளவுதான். நாட்டில் கிறிஸ்தவர்கள் அப்போதும் சிறுபான்மை.

அதன்பின் நடந்தவை வேகமானவை. அவற்றின் இயல்பு வேறு. கான்ஸ்டன்டைன் கார்த்தேஜின் ஆயர் செசிலியனுக்கு 3,000 ஃபோலிஸ் பணம் அனுப்பினார். குருக்களை நகராட்சிக் கடமைகளிலிருந்து விடுவித்தார். 321இல் சபைக்கு உயில் எழுதி வைக்கலாம் என்றார். எல்லாமே செசிலியன் தரப்புக்கு மட்டும்; தொனாத்தியருக்கு இல்லை. அரசு கொடுக்கத் தொடங்கிய அன்றே எந்தத் தரப்பு உண்மையான சபை என்று தீர்ப்புச் சொல்லவும் தொடங்கிவிட்டது. கான்ஸ்டன்டைனுக்கு இது வசதியான ஏற்பாடும்கூட. நகரந்தோறும் ஒரு தலைவர், பட்டியல், கணக்கு, ஊர்விட்டு ஊர் போகும் கடிதங்கள் எல்லாம் ஆயத்தமாக இருந்தன.

இந்த அமைப்பின் பலத்தை எதிரியே நன்றாக உணர்ந்திருந்தார். 361இல் அரசேறி, பழைய தெய்வங்களை மீட்க முயன்ற ஜூலியன், கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதுகிறார்: கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் காக்கிறார்கள், நம்மவர்களுக்கு நம்மிடமிருந்து உதவி கிடைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஆண்டுக்கு 30,000 மோடி தானியமும் 60,000 செக்ஸ்டாரி மதுவும் ஒதுக்கி, ஐந்தில் ஒரு பங்கைப் பூசாரிகளுக்குப் பணிசெய்யும் ஏழைகளுக்கும் மீதியை அந்நியர்க்கும் இரவலர்க்கும் கொடுக்கச் சொல்கிறார். நல்ல திட்டம். ஆனால் மேலிருந்து வந்த ஒதுக்கீட்டுக்கும் கீழிருந்து நூற்றைம்பது ஆண்டுகள் பழகிய உண்டியலுக்கும் இடையிலான தூரத்தைக் கடக்க ஜூலியனுக்கு இருபது மாதங்கள்கூடக் கிடைக்கவில்லை. 363இல் பாரசீகப் போரில் இறந்தார்.

380 பிப்ரவரி 27இல் தெசலோனிக்காவிலிருந்து தியோடோசியஸ் பிறப்பித்த சட்டம், எல்லா மக்களும் ரோமின் தமாசஸும் அலெக்சாந்திரியாவின் பேதுருவும் பின்பற்றும் விசுவாசத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றது. அரச சமயம் என்ற நிலை அன்று எழுத்தில் வந்தது. அந்தச் சட்டத்தின் முதல் அடி கோயில்கள்மேல் விழவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கான்ஸ்டன்டினோபிளில் ஆரியக் கொள்கையுடைய ஆயர் தெமோஃபிலஸ் தம் கோயில்களை விட்டு வெளியேற்றப்பட்டார். பலிகளுக்கும், வீட்டில் தெய்வங்களுக்குத் தூபம் போடுவதற்கும்கூட முழுத் தடை வந்தது 391, 392ஆம் ஆண்டுகளில்தான்.

ஆகவே இந்த வரலாற்றை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. 312 வரையிலான வளர்ச்சிக்கு விதவைகள் பட்டியலும், விழுந்தவரை ஏற்கும் தவமுறையும், ஆயர்களின் கடிதத் தொடர்பும் போதுமான காரணங்கள். பேரரசின் இடைவிட்ட தாக்குதல்கள் அவற்றை உடைக்கும் அளவுக்கு நீளவில்லை. சிறுபான்மை பெரும்பான்மையானதும், ஒரு சபை அரச சமயமானதும் அதற்குப் பிறகு, பணமும் சட்டமும் சேர்ந்து செய்த வேலை. முதல் பகுதியின் புகழை இரண்டாம் பகுதிக்கு வைத்துப் பேசுவது வரலாறாகாது.

ஆப்பிரிக்காவில் தொனாத்தியர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் தனிச் சபையாக நீடித்தார்கள். 411இல் அரச அதிகாரி மார்செலினஸ் தலைமையில் கார்த்தேஜில் இரு தரப்பும் வாதிட்டபோது, இரு பக்கமும் சுமார் 280 ஆயர்கள் வீதம் நின்றார்கள். தீர்ப்பு கத்தோலிக்கருக்குச் சாதகமாயிற்று. அடுத்த ஆண்டு பேரரசர் ஹொனோரியஸ் வெளியிட்ட சட்டம், கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பாத தொனாத்தியருக்கு அந்தஸ்துவாரியாக அபராதம் விதித்தது: உயர்குடிப் பிரபு என்றால் ஐம்பது பவுண்டு தங்கம், அடிமை என்றால் அடி.